40 இடம், 23 பேர் வெயிட்டிங்: குமுளியில் நான் வரிசையை நகர்த்திய கதை

மே மாதக் கடைசியில் குமுளியில் ஏலக்காய் விவசாயிகளுக்காக ஒரு நாள் செமினார் வைத்தோம். மழை பிடிப்பதற்கு முன்னால் அழுகலுக்கு அடிக்கிற போர்டோ கலவையைச் சரியாகக் கலப்பது எப்படி என்பதுதான் விஷயம். வெறும் பேச்சு என்றால் நூறு பேரைக்கூட நெருக்கி உட்கார வைத்திருப்போம். இதில் கையால் கலக்க வேண்டும். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்கிற கணக்கை வாளி அளவுக்குக் குறைத்து, கலந்தபின் கத்தியை முக்கி எடுத்து அதில் செம்பு படிகிறதா என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். மேஜைக்கு 5 பேர், 8 மேஜை. அதனால் 40தான், 41 கிடையாது.

பதிவு என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்கு ஆன்லைன் ஃபார்மைத் திறந்தேன், 9 மணிக்குள் 40 ஆகிவிட்டது. கம்பம், வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். மறுநாள் மாலைக்குள் இன்னும் 23 பேர். வெயிட்டிங் லிஸ்ட்தானே, ரயிலில் மாதிரி மேலே ஒருத்தர் கேன்சல் செய்தால் கீழே இருப்பவர் ஏறப்போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ரயிலில் டிக்கெட் எடுத்தவர் காசு கொடுத்திருக்கிறார், கன்ஃபர்ம் ஆனால் ஏறிவிடுவார். எங்கள் செமினாருக்குக் கட்டணம் இல்லை. முதல் 40 பேரிலேயே எத்தனை பேர் நிஜமாக வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது, வெயிட்டிங்கில் இருப்பவருக்கு இன்னும் விருப்பம் இருக்கிறதா என்பதும் கேட்டால்தான் தெரியும்.

முதல் தப்பு முதல் நாளே நடந்தது, அதுவும் நான் செய்ததுதான். ஃபார்மில் பதிந்தவர் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வெயிட்டிங்கில் இரண்டாவதாக இருந்த ஒருவர் போன் நம்பரில் ஒரு எண் தப்பு என்று மறுநாள் திருத்தினார். யாராவது திருத்தினால் ஷீட்டில் Timestamp என்கிற நெடுவரிசையும் திருத்திய நேரத்துக்கு மாறிவிடும் என்பது எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு நேரப்படி வரிசைப்படுத்தி வைத்திருந்தேன், மனிதர் ஒரேயடியாகக் கடைசிக்குப் போய்விட்டார். அவரே போன் செய்து, "அண்ணே, எட்டே முக்காலுக்குப் பதிஞ்சதுக்கு என் மக போன்ல ஸ்கிரீன்ஷாட் இருக்கு" என்று சொன்ன பிறகுதான் தேடினேன். நல்லவேளையாக வரிசைப்படுத்தியது ஒரு நகலில்தான். ஒரிஜினல் ஷீட்டில் அவருடைய வரி அவர் முதலில் பதிந்த இடத்திலேயே இருந்தது, நேரம் மட்டும்தான் மாறியிருந்தது. அன்றே ஒவ்வொருவருக்கும் எண் போட்டேன், வெயிட்டிங் 1 முதல் 23 வரை. எண்ணை அவரவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதன் பிறகு வரிசை என்றால் அந்த எண்தான், ஷீட் என்ன சொன்னாலும் சரி.

எண் கொடுத்ததில் இன்னொரு லாபமும் இருந்தது. குழுவில் மூத்த ஒருவர், "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, பார்த்துப் போட்டு விடுங்க" என்று கூப்பிட்டார். அந்த நம்ம ஆள் வெயிட்டிங் 19. "அவருக்கு முன்னாடி 18 பேருக்கு எண் போயாச்சு, அவங்களுக்கு நான் என்ன சொல்ல?" என்று கேட்டேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. முன்கூட்டியே விருந்தினருக்கு என்று இரண்டு இடம் ஒதுக்கி, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 38க்கு மட்டும் பதிவு திறந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அடுத்த முறை அப்படித்தான்.

செமினார் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை 40 பேருக்கும், வருகிறீர்களா என்று ஒரு வரி அனுப்பினேன். மாலைக்குள் 29 பேர் வருகிறோம் என்றார்கள், 5 பேர் முடியாது என்றார்கள், 6 பேரிடமிருந்து சத்தமே இல்லை. 5 இடம் காலி, ஆகவே வெயிட்டிங் 1 முதல் 5 வரை 5 பேரிடம் மட்டும் கேட்பது என்று முடிவு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி முதலில் பதில் சொல்பவருக்குக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும், ஆனால் அப்புறம் எண் எதற்கு?

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் நான் கிட்டத்தட்ட மாட்டினேன். முதலில் மனதில் இருந்தது காலை 10 மணிக்கு அனுப்பி மதியம் 12 வரை கெடு. என் மனைவிதான் சொன்னாள், "பத்து மணிக்கு யார் கையில போன் இருக்கும்? டவுன்ல கடை வச்சிருக்கவங்க கையிலதான்." சரியாகச் சொன்னாள். ஏலத்தோட்டத்துக்குள் காலை 7 மணிக்குப் போனவர் சாயந்திரம் மேலே ஏறி வந்தால்தான் சிக்னல். இரண்டு மணி நேரக் கெடு வைத்திருந்தால் பேப்பரில் வரிசை ஒழுங்காக நகர்ந்திருக்கும், நிஜத்தில் தோட்டக்காரர்களைத் தாண்டித் தாண்டி டவுன்காரர்களிடம் போயிருக்கும், யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் இரவு 7 மணிக்கு அனுப்பி, மறுநாள் இரவு 7 வரை கெடு கொடுத்தேன். பதில் வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு, ஆனால் எண் போகாது, அடுத்த இடம் காலியாகும்போது அவரிடம்தான் முதலில் கேட்பேன் என்பதையும் அதே மெசேஜில் எழுதினேன்.

புதன் இரவு நிலவரம்: 1, 2, 4 மூவரும் வருகிறார்கள். 3 வரவில்லை, மகளுக்கு நிச்சயதார்த்தம். 5 பதில் இல்லை. சத்தம் போடாத அந்த 6 பேருக்கும் நானே போன் போட்டேன். 3 பேர், "வர்றோம்னுதான் பதிஞ்சோம், திரும்ப எதுக்குக் கேக்குறீங்க" என்றார்கள். ஒருவர் வரவில்லை. இரண்டு பேர் எடுக்கவே இல்லை, அவர்களுக்கு வியாழன் மதியம் வரை நேரம் என்று மெசேஜ் போட்டேன். ஆக அன்றிரவு 3 இடம் காலி. 6, 7, 8 மூவருக்கும் கேள்வி போனது. இந்த முறை ஒரு நாள் கொடுக்க நேரமில்லை, அதே இரவுக்குள் பதில் வேண்டும் என்பதையும் சொன்னேன்.

6, 7 சரி என்றார்கள். 8இல் சிக்கல். அது அண்ணன் தம்பி இருவர், ஒரே ஃபார்மில் இரண்டு பேர் என்று போட்டிருந்தார்கள். என்னிடம் இருந்தது ஒரு இடம். "வந்தா ரெண்டு பேரும்தான், ஒரு தோட்டம்தான, ஒருத்தன் கத்துக்கிட்டு என்ன செய்ய" என்றார் அண்ணன். அந்த ஒரு இடத்தை இன்னொன்று காலியாகும் வரை பிடித்து வைக்கவா? யோசித்தேன். சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது, இரண்டாவது இடம் காலியாகாமலே போனால் நாற்காலி வெறுமனே கிடக்கும், 9ஆம் எண்காரர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். 9க்குக் கொடுத்தேன், 8 தன் எண்ணிலேயே நிற்கும் என்று அண்ணனிடம் சொன்னேன்.

வியாழன் மதியம் போன் எடுக்காத இருவரில் ஒருவர் வருகிறேன் என்றார், மற்றவர் கடைசி வரை இல்லை. ஒரு இடம் காலி. அந்த நேரத்தில்தான் வெயிட்டிங் 5 மெசேஜ் போட்டார், இரண்டு நாளாகத் தோட்டத்து ஷெட்டிலேயே தங்கிவிட்டாராம், இப்போதுதான் பார்க்கிறாராம். எண்படி 8க்கு முன்னால் 5. இடம் அவருக்குப் போனது. அண்ணன் தம்பி கடுப்பாகிவிட்டார்கள், ஒரு நாள் பிடித்து வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் கிடைத்திருக்குமே என்று. பிடித்து வைத்திருந்தாலும் வியாழன் காலியானது 5க்குத்தான் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார்கள், ஒப்புக்கொண்டார்களா என்று தெரியாது. ஆளுக்கு ஒரு ஃபார்ம் என்று முதலிலேயே வைத்து, சேர்ந்துதான் வருவீர்களா, ஒருவர் மட்டுமானாலும் வருவீர்களா என்று ஒரு கேள்வியும் வைத்திருந்தால் இந்த வாக்குவாதம் ராத்திரி பதினொரு மணிக்கு நடந்திருக்காது.

40 நிறைந்தது. வெள்ளி மாலை எல்லோருக்கும் கடைசியாக ஒன்று அனுப்பினேன்: காலை 9.45 வரை வராதவர் இடம் வாசலில் நிற்கும் வெயிட்டிங் ஆளுக்கு எண் வரிசையில் போகும், வழியில் இருப்பவர் போன் செய்தால் இடம் இருக்கும். வெயிட்டிங்கில் மிச்சமிருந்தவர்களுக்கும் அதே மெசேஜ், கூடவே, இடம் நிச்சயமில்லை, பக்கத்தில் இருந்தால் மட்டும் வாருங்கள் என்று ஒரு வரி. நெடுங்கண்டத்திலிருந்து ஒருவரை வரவழைத்துத் திருப்பி அனுப்புவது பாவம். இந்தக் கட்டத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு வாய்ப்பு அதிகம்தான், அதை மறைக்க முடியாது. அதனால்தான் முடிந்தவரை எல்லா இடத்தையும் வியாழனுக்குள் தீர்க்கப் பார்த்தேன்.

சனிக்கிழமை 9.45க்கு 4 நாற்காலி காலி. ஒருவர் 9.20க்கே போன் செய்திருந்தார், லோயர் கேம்ப் தாண்டி மலைப் பாதையில் லாரி நின்று பஸ் நகரவில்லையாம். அந்த நாற்காலியில் பையை வைத்தேன். மிச்சம் 3. வாசலில் அண்ணன் தம்பி நின்றார்கள், எண் 8, இரண்டு இடமும் அவர்களுக்கே. மூன்றாவது இடம் 14க்கு, குமுளியிலேயே கடை வைத்திருப்பவர். எண்ணே இல்லாமல் கேள்விப்பட்டு வந்த ஒருவர் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றார், பேச்சு முடியும் வரை நின்றார், மேஜைக்கு வரவில்லை.

10.10க்கு அதே பஸ்ஸில் இன்னொருவர் வந்தார். புதன்கிழமை நான் போனில் கூப்பிட்டு உறுதி செய்த மூவரில் ஒருவர். அவர் இடத்தில் 14 ஏற்கெனவே கையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். "என் பேர் நாப்பதுல இருக்குல்ல? போன் பண்ணணும்னு யார் சொன்னா?" என்றார். மெசேஜ் போட்டிருந்தேன், ஆனால் செவ்வாய்க்கிழமை மெசேஜையே பார்க்காதவர் வெள்ளிக்கிழமை மெசேஜை மட்டும் எப்படிப் பார்ப்பார்? அந்த ஆறு பேரையும் வெள்ளிக்கிழமையும் போனில்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். 14ஐ எழுப்ப எனக்கு மனசு வரவில்லை, விதியும் இடம் தரவில்லை. பதிவு மேஜைக்குப் பின்னால் இருந்த என் நாற்காலியைக் கொண்டுபோய் எட்டாவது மேஜையில் ஆறாவதாகப் போட்டேன். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை.