12.5 என்று சொன்ன வட்டி 34-இல் போய் நின்றது

ஒரு லேப்டாப்பைத் தவணையில் வாங்கப் போய் இரண்டு வாரம் அலைந்தேன். இப்போது பொருள் கைக்கு வந்துவிட்டது, நிம்மதியாக இருக்கிறது. ஆனாலும் அந்தத் தவணைச் சீட்டை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அதில் இருந்தவை மூன்றே எண்கள்: விலை 48,000, மாதத் தவணை 4,500, மாதங்கள் 12. வட்டி என்ற சொல்லே சீட்டில் இல்லை.

கேட்டபோது கவுண்டரில் இருந்தவர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். "12 தவணைக்கு 54,000 சார். கூடுதலா 6,000. 48,000-க்கு 6,000-ன்னா பன்னிரண்டரை சதவீதம். அவ்வளவுதான் சார்." பெருக்கலும் வகுத்தலும் சரியாகத்தான் இருந்தன. எங்கள் அலுவலகக் கடன் சங்கத்தில் ஆண்டுக்கு 18 சதவீதம். கடையில்தான் மலிவு என்று முடிவு செய்து, சங்கத்தில் கொடுத்திருந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்று போனேன்.

அங்கே கணக்கர் அக்கா கேட்ட ஒரே கேள்வி என்னை நிறுத்தியது. "அதே 48,000-ஐ 12 மாசத்துக்கு இங்கே வாங்கினா தவணை 4,401தான் வரும். 18 சதவீதக் கடனுக்குக் குறைவாவும் பன்னிரண்டரைக்கு அதிகமாவும் தவணை வருமா?"

வராது. தொகையும் காலமும் ஒன்றாக இருந்தால், தவணை எங்கே அதிகமோ அங்கேதான் வட்டியும் அதிகம். இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் தெரிந்த வேறொரு கடனின் தவணையைப் பக்கத்தில் வைத்தால், சொல்லப்படும் விகிதம் பொருந்துகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து நோட்டில் மாதம் மாதமாக எழுதிப் பார்த்தேன். ஆண்டுக்கு 12.5 என்றால் மாதத்துக்கு 1.0417 சதவீதம். முதல் மாதம் 48,000-க்கு வட்டி 500. கட்டிய 4,500-இல் வட்டி போக 4,000 அசலில் கழிகிறது, பாக்கி 44,000. இதுவரை கடைக்காரர் கணக்கும் என் கணக்கும் ஒன்றுதான். இரண்டாம் மாதம் பாக்கி 44,000தானே, அதற்கு வட்டி 458 வர வேண்டும். கடைக் கணக்கிலோ மறுபடியும் 500. மூன்றாம் மாதமும் 500. கடைசி மாதத்தில் அவர்கள் கணக்குப்படி பாக்கி வெறும் 4,000, அதற்கும் வட்டி 500! ஒரே மாதத்தில் எட்டில் ஒரு பங்கு. இதைத்தான் ஃபிளாட் வட்டி என்கிறார்கள். நீங்கள் அசலை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், முழு 48,000-ஐயும் ஆண்டு முழுக்கக் கையில் வைத்திருந்ததுபோல வட்டி போடப்படுகிறது.

என் நோட்டில் 1.0417 சதவீதத்தை 12 மாதமும் ஒழுங்காகப் போட்டு வந்தபோது, முடிவில் பாக்கி பூஜ்யத்துக்கும் கீழே போய் மைனஸ் 2,848-இல் நின்றது. அதாவது அந்த வட்டிதான் உண்மை என்றால், 12 தவணையையும் கட்டி முடித்த பிறகு கடைதான் எனக்கு 2,848 தர வேண்டியிருக்கும்.

உண்மையான வட்டியைப் பிடிக்கும் வழி இந்த நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வட்டியை ஊகித்துப் போட்டு 12-ஆம் மாதம் முடிவு வரை வாருங்கள். பாக்கி மைனஸில் போனால் ஊகம் குறைவு. கட்ட வேண்டியது இன்னும் மீதி இருந்தால் ஊகம் அதிகம். சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்கும் விகிதம்தான் சீட்டுக்குள் ஒளிந்திருப்பது. மூன்று எண்களைப் போட்டால் நேராக விடை தரும் எளிய சூத்திரம் இதற்குக் கிடையாது. ஊகித்துத் திருத்துவதுதான் வழி, கணினியும் உள்ளே அதையேதான் செய்கிறது.

எங்கிருந்து ஊகிக்கத் தொடங்குவது? அதற்கு அந்த அக்கா ஒரு குறுக்குவழி சொன்னார். அசலை மாதம் 4,000 வீதம் திருப்பினால், ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் இருக்கும் கடன் 48,000, 44,000 என்று இறங்கி 4,000-இல் முடியும். இவற்றின் சராசரி 26,000. ஆக, ஆண்டு முழுக்க நம் கையில் இருந்தது 26,000 மட்டுமே. அதற்கு 6,000 வட்டி என்றால் 23 சதவீதம். இது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஏனென்றால் உண்மையான கணக்கில் தொடக்க மாதங்களில் வட்டி அதிகமாகப் போய் அசல் மெதுவாகக் குறைகிறது, அதனால் சராசரிக் கடன் 26,000-ஐ விடச் சற்று அதிகம். கடையில் நின்றபடியே போடுவதற்கு இது போதும்.

23-ஐ 12-ஆல் வகுத்தால் 1.9 சொச்சம். அதற்கு இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தேன். மாதம் 2 சதவீதம் போட்டபோது முடிவில் 521 மீதி இருந்தது, அதாவது அதிகம். 1.8 போட்டபோது மைனஸ் 222, அதாவது குறைவு. இரண்டுக்கும் இடையே மொத்த இடைவெளி 743. அதில் 222 என்பது சுமார் பத்தில் மூன்று பங்கு. 1.8-க்கும் 2-க்கும் நடுவே உள்ள 0.2-இல் பத்தில் மூன்று 0.06. ஆக மாதம் 1.86 சதவீதம், ஆண்டுக்கு 22.3. திரும்ப 1.86 போட்டு எழுதினேன், பாக்கி பூஜ்யத்தை ஒட்டி வந்து நின்றது. அந்த இரவு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் விரிதாளில் சரிபார்க்கப் போய்த் தேவையில்லாமல் அரை மணி நேரம் வீணானது. வட்டியைக் கண்டுபிடித்துத் தரும் RATE கட்டளையில் முதலில் தவணையையும் விலையையும் பிளஸ் எண்ணாகவே கொடுத்தேன், `#NUM!` என்று வந்தது. கைக்கு வருவது பிளஸ் என்றால் கையை விட்டுப் போவது மைனஸாக இருக்க வேண்டும்:

```
=RATE(12,-4500,48000)
```

இப்போது விடை 2% என்று காட்டியது. நோட்டுக் கணக்கு தப்போ என்று மறுபடியும் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். தப்பு அங்கே இல்லை. செல் தசமத்தைக் காட்டாமல் முழு எண்ணாக்கிக் காட்டியிருக்கிறது. தசம இடங்களைக் கூட்டியதும் 1.86% தெரிந்தது. இதைக் கவனிக்காமல் 12-ஆல் பெருக்கியிருந்தால் 24 என்று எழுதியிருப்பேன். இன்னொன்று, இந்த விடை மாத வட்டி. ஆண்டு வட்டிக்கு 12-ஆல் பெருக்க மறக்காதீர்கள்.

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் முதல் தவணை எந்தத் தேதியில் என்று சீட்டில் போடவில்லை. போனில் கேட்டால் "நேர்ல வாங்க சார்" என்றார்கள். அதற்கென்றே ஒரு நடை. போனால், பொருளை எடுக்கும் அன்றே முதல் 4,500-ஐக் கட்ட வேண்டுமாம்! கேட்க இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அன்றே 4,500 கொடுத்துவிட்டால் நான் கடனாக வாங்குவது 48,000 அல்ல, 43,500தான். மீதம் 11 தவணை. வட்டித் தொகை அதே 6,000. கடன் சிறியது, காலமும் ஒரு மாதம் குறைவு.

```
=RATE(12,-4500,48000,0,1)
```

கடைசியில் இருக்கும் 1-தான் முதல் நாளே தவணை என்பதைக் குறிக்கிறது. விடை மாதம் 2.22, ஆண்டுக்கு 26.6. சீட்டில் ஒரு எண்கூட மாறவில்லை, நான்கு சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. அதனால் முதல் தவணை எப்போது என்று தெரியாமல் கணக்கே போடாதீர்கள்.

அந்த நடையில்தான் பக்கத்தில் நின்ற இன்னொருவர் அதே மாடலை மொத்தமாகப் பணம் கட்டி வாங்கினார். அவருக்கு 46,500-க்குப் பில் போட்டார்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது கேஷ் ரேட் சார், உங்களது தவணை ரேட்" என்றார். நான் கணக்கில் போட்டிருந்த 48,000 உண்மையான விலையே அல்ல. 46,500-க்குக் கிடைக்கும் பொருளில் 1,500 வட்டியை விலைக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள். அன்றே கட்டும் 4,500 போக நான் வாங்கும் கடன் 42,000. அதற்கு 4,500 வீதம் 11 தவணை. விலையை மட்டும் மாற்றிப் போட்டேன்:

```
=RATE(12,-4500,46500,0,1)
```

மாதம் 2.84. ஆண்டுக்கு 34.1 சதவீதம்.

'வட்டியே இல்லை' என்று வரும் தவணைகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள், தவணை என்ற பேச்சையே எடுக்காமல் கேளுங்கள். குறைப்பார்கள் என்றால் அந்தக் குறையும் தொகையும் வட்டிதான். கட்டணம் என்று தனியாக எதையாவது வாங்கினால் அதையும் விலையிலிருந்து கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், கைக்கு வராத பணம் கடன் ஆகாது. நல்ல வேளையாக என் சீட்டில் கட்டணம் எதுவும் இல்லை.

சங்கத்தில் விண்ணப்பம் இன்னும் உயிரோடுதான் இருந்தது. 46,500-க்கு மாற்றி எழுதிக் கொடுத்தேன். பிடித்தம் ஏதும் உண்டா, முதல் தவணை எப்போது என்று இரண்டையும் கேட்டேன். பிடித்தம் இல்லை, முதல் தவணை ஒரு மாதம் கழித்து. தவணை 4,263 என்று எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும் முன் அக்காவின் கணினியிலேயே தட்டிப் பார்த்தேன்:

```
=RATE(12,-4263,46500)
```

1.50% என்று வந்தது. 12-ஆல் பெருக்கினால் சொன்ன அதே 18. கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் கடையில் 46,500-ஐ மொத்தமாகக் கட்டி லேப்டாப்பை எடுத்து வந்தேன். ஆண்டு முடிவில் மொத்தம் 51,156 கட்டியிருப்பேன், கடைத் தவணையில் 54,000 ஆகியிருக்கும்.