மெட்டி ஏன் மொட்டி ஆகவில்லை

புதுச்சேரியில் வட்டார வழக்கு ஆய்வுத் திட்டம் ஒன்றில் எனக்கு வேலை. பாகூர், வில்லியனூர், கடலூர் தேவனாம்பட்டினம், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்கள் என்று அலைந்து பதிவு செய்து வந்த பேச்சைக் கேட்டு, காதில் விழுந்தபடியே எழுதுவதுதான் வேலை. காதில் விழுந்தபடியே என்பது சொல்வதற்குத்தான் சுலபம். கை தானாக ‘வீடு’ என்று எழுதிவிடும். ஒலியைத் திருப்பிப் போட்டால் அந்த அம்மா ‘வூடு’ என்று தெளிவாகச் சொல்லியிருப்பார்.

இந்த ‘வூடு’தான் எங்கள் அலுவலகத்தில் ரொம்ப நாள் ஓடிய ஒரு சண்டைக்குக் காரணம்.

மாற்றம் என்னவோ எளிமையானது. சொல்லின் தொடக்கத்தில் ப, ம, வ என்ற இதழொலி. அடுத்து இ, ஈ, எ, ஏ ஆகியவற்றில் ஒன்று. அதற்கடுத்து ட, ண, ள, ழ என்ற நாவளை ஒலி. இப்படி மூன்றும் வரிசையாக அமைந்தால், நடுவில் இருக்கிற உயிர் உதடு குவிந்து உ, ஊ, ஒ, ஓ ஆகிறது. பிடி புடியாகிறது, பிள்ளை புள்ளயாகிறது, பெண் பொண்ணாகிறது, பெட்டி பொட்டியாகிறது, விடு வுடுவாகிறது. காரணமும் மர்மமில்லை. உதடு ஏற்கெனவே மூடிக் குவிந்திருக்கிறது, நாக்கு பின்னோக்கி வளையப் போகிறது. இடையில் பல் தெரிய ‘இ’ சொல்ல வாய்க்கு நேரம் இல்லை.

எங்கள் மூத்த ஆய்வாளர் பழைய பள்ளிக்காரர். 1878இல் லைப்சிக்கில் ஓஸ்தோஃப், புருக்மன் என்ற ஜெர்மன் மொழியியலாளர்கள் எழுதி வைத்ததுதான் அவருக்கு வேதம்: ஒலிமாற்றம் விதிப்படி நடக்கும், விலக்கு கிடையாது. ஒலிக்குச் சொல் தெரியாது. சூழல் பொருந்தினால் எல்லாச் சொல்லும் ஒரே சமயத்தில் மாறும். “விலக்கு இருக்குன்னு எங்கிட்ட வராதீங்க தம்பி, விதிய நீங்க சரியா எழுதலன்னு அர்த்தம்” என்பார். ஜெர்மானிய மொழிகளின் மெய்யொலி மாற்றத்தைச் சொல்லும் கிரிம் விதிக்கு அடங்காமல் கிடந்த சொற்களை, பழைய சொல்லழுத்தம் எங்கே விழுந்தது என்று பார்த்து வெர்னர் என்ற அறிஞர் ஒரு விதிக்குள் கொண்டுவந்த கதையை மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

அவர் சொன்ன வழியிலேயே போய்ப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். சூழல் பொருந்தும் சொற்களையெல்லாம் பதிவுகளிலிருந்து எடுத்தேன், மாறியது ஒரு பக்கம், மாறாதது ஒரு பக்கம். மாறாத பக்கம் முதலில் பயமுறுத்துகிற அளவுக்கு நீளமாக இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி எழுத்துத் தமிழிலிருந்து பேச்சுக்குள் வந்த சரக்கு. பாகூரில் ஒரு பாட்டி மூச்சுக்கு மூச்சு ‘புடி’ என்றவர், மகனின் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது ‘பிடித்தம் போக’ என்றார். ‘வுட்டுட்டான்’ என்கிறவரும் பள்ளிக்கூடத்துக்கு ‘விடுமுறை’ என்கிறார். பொண்ணு படிக்கிற இடம் ‘பெண்கள் கல்லூரி’. இவை அலுவலகமும் பாடப்புத்தகமும் கொடுத்த சொற்கள். இரவல் சொல்லை விலக்காக எண்ணுவது நியாயமில்லை. இவற்றைத் தள்ளினேன்.

மீதியில் கண்ணில் பட்டவை வெட்டு, வெள்ளை, வெள்ளி, வெண்ணெய், வெடி. எல்லாம் அடுப்படியிலும் வயலிலும் புழங்குகிற சொற்கள், எதுவும் இரவல் இல்லை. ஆனால் எல்லாமே வெ. அப்படியானால் ‘வ’வுக்குப் பின் குறில் எகரம் குவியாது என்று விதியைத் திருத்தினால் போதுமா? இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருந்தது. பேச்சில் முதலசை இகரம், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் எகரமாக இறங்கும். இலை எலையாவது அப்படித்தான். பிழைப்பு அந்த வழியில் ‘பெழப்பு’ என்ற நிலையைத் தாண்டிப் பொழப்பானது. மிளகாய் மொளகாவானது. அதே பாதையில் போன விளக்கு மட்டும் ‘வெளக்கு’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. விளையாட்டும் ‘வெளையாட்டு’தான். புதிதாக உண்டான வெ கூடக் குவியவில்லை. ஆக, திருத்திய விதி நிற்கிறது. மூத்தவர் சிரித்தபடி ஒரு டீ சொன்னார். அன்றைக்கு அது அவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய டீ என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதையெல்லாம் கழித்த பிறகும் கொஞ்சம் தங்கியது. பெட்டி பொட்டியாகிறது, மெட்டி மொட்டியாகவில்லை. மேளம் ‘மோளம்’ ஆகிறது, மேடு மேடாகவே இருக்கிறது. வேண்டும் ‘வோணும்’ ஆன ஊரில் வேட்டி வேட்டிதான். மெட்டியைப் பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை. பெட்டிக்கும் மெட்டிக்கும் முதல் மெய்யைத் தவிர வித்தியாசமும் இல்லை. ‘ம’வுக்குப் பின் எகரம் குவியாது என்று இன்னொரு திருத்தம் போடலாமென்றால், தரையைச் சாணி போட்டு ‘மொழுவுறது’ குறுக்கே நிற்கிறது. அதே வாய் ‘மெழுகுவத்தி’ என்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விதி எழுதுவதென்றால் அது விதியே இல்லை, அகராதி.

1969இல் மொழியியலாளர் வில்லியம் வாங் சொன்ன கருத்து இங்கேதான் உதவுகிறது. ஒலிமாற்றம் சொல் சொல்லாகப் பரவுகிறது என்றார் அவர். ஒருவரின் வாயில் ஒரு சொல் பழைய ஒலியிலும் புதிய ஒலியிலும் மாறி மாறி வரும், பிறகு புதியது நிலைக்கும், அதற்குள் அடுத்த சொல் ஆடத் தொடங்கும். எல்லாச் சொல்லையும் தொட்டு முடித்துவிட்டால் பின்னால் வந்து பார்ப்பவருக்கு விலக்கில்லாத விதி போலவே தெரியும். முடிவதற்குள் வேறொரு மாற்றம் குறுக்கிட்டால்தான் மிச்சம் விழும். மெட்டி, மேடு, வேட்டி எல்லாம் அப்படி விழுந்த மிச்சமாக இருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. மூலத் திராவிடத்தில் சொல்முதலில் இருந்த சகரம் தமிழில் சில சொற்களில் அடியோடு போய்விட்டது. உப்பு அப்படிப்பட்ட சொல், ஆறு என்ற எண்ணும் அப்படித்தான். சிறகு, இறகு இரண்டும் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. சிப்பிக்கு இப்பி என்ற வடிவமும் உண்டு. ஆனால் சோறு, செவி, சுடு ஆகியவற்றின் சகரம் அசையவில்லை. தொடங்கிய மாற்றம் பாதியில் ஓய்ந்துவிட்டது. இதே சகரம் நடு இந்தியாவில் பேசப்படும் திராவிட மொழியான கோண்டியில் என்ன ஆனது என்று மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1998இல் எழுதிய கட்டுரையில் கிளைமொழி கிளைமொழியாகப் பின்தொடர்ந்தார். அங்கே அது ‘ஸ’ ஆகி, ‘ஹ’ ஆகி, கடைசியில் இல்லாமலே போனது. உப்புக்கு ஒரு பகுதியில் ‘சொவர்’, ஒரு பகுதியில் ‘ஹொவர்’, இன்னொன்றில் ‘ஒவர்’. சில கிளைமொழிகளில் மாற்றம் ஏறக்குறைய முற்றுப்பெற்று விதி போல நிற்கிறது, இடைப்பட்டவற்றில் சொல்லுக்குச் சொல் வேறுபடுகிறது. விலக்கில்லாத விதிக்கு வந்து சேர்கிற வழியே சொற்பரவல்தான் என்பது அவர் கண்ட முடிவு. இதை மூத்தவரிடம் கொடுத்தேன். “அப்ப முடிவுல விதிதான ஜெயிக்குது?” என்றார். அதையும் மறுக்க முடியவில்லை.

அமெரிக்க மொழியியலாளர் லபோவ் 1981இல் இருதரப்பையும் பிரித்து உட்கார வைத்தார். உயிரொலி கொஞ்சங் கொஞ்சமாக, பேசுபவருக்கே தெரியாமல் நகர்ந்தால் எல்லாச் சொல்லும் சேர்ந்து நகரும். ஒரு ஒலியனை, அதாவது பொருளை வேறுபடுத்தும் ஓர் ஒலியை, எடுத்துவிட்டு வேறொரு ஒலியனை வைப்பது போல மாற்றம் தாவினால் சொல் சொல்லாகப் போகும். அவர் ஆராய்ந்த பிலடெல்பியாவின் ஆங்கிலப் பேச்சில் mad, bad, glad மூன்றிலும் உயிர் மாறியிருக்க, அதே சூழல் உள்ள sad மாறாமல் இருக்கிறது. நம் விஷயம் எந்த வகை என்று காதை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. பேச்சொலியை அளக்கும் பிராட் மென்பொருளில் உயிரின் இரண்டாம் ஒலிச்செறிவை, அதாவது அந்த ஒலியில் வலுத்துக் கேட்கிற அதிர்வெண் பட்டைகளில் இரண்டாவதைப் பார்த்தேன். பெண்குரலில் இகரத்துக்கு அது 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும், உகரத்துக்கு 1000 பக்கம் இறங்கிவிடும். இகரமும் உகரமும் இல்லாத ஒரு நடுவொலி வழியாக நகர்ந்திருந்தால் புள்ளிகள் இடையில் பரவிக் கிடக்க வேண்டும். ஒரே ஆளின் பிடியும் புடியும் இரண்டு கொத்தாகப் பிரிந்து நின்றன. நாவளை ஒலிக்கு நெருங்குகிற பகுதியில் அளவுகள் எப்படியும் குழம்பும் என்பதால் உயிரின் முற்பகுதியில்தான் அளக்க வேண்டும். முழு உயிருக்கும் சராசரி எடுத்தால் இல்லாத நடுவொலி ஒன்று முளைத்துவிடும். இங்கே நடப்பது தாவல். சொல்லுக்குச் சொல் போவதில் ஆச்சரியமில்லை.

எனக்கு இதில் இன்னும் சுவையாகப் படுவது மாற்றம் திரும்பிப் போகும் விதம். புத்தகங்கள் பரவுவதைப் பற்றித்தான் நிறையப் பேசுகின்றன. கடலூரில் கல்லூரியில் படிக்கிற பேத்தியையும் பாட்டியையும் ஒரே திண்ணையில் பதிவு செய்தேன். பாட்டி வூடு, வோணும், வுடு. பேத்தி வீடு, வேணும், விடு. பாட்டியின் ‘வூடு’ அவளுக்குச் சிரிப்பு, “ஐயோ ஆயா, மைக்குல போய் வூடுன்றியே” என்றாள். அதே பேத்தி அடுத்த வாக்கியத்தில் ‘பக்கத்து வீட்டுப் பொண்ணு’ என்றாள், ‘புடிக்கல’ என்றாள். எங்கேயும் தடுக்கவில்லை. வூடும் வோணுமும் வடமாவட்டத்துப் பேச்சு என்று ஊரே அடையாளம் வைத்திருக்கிறது. பொண்ணும் புள்ளயும் தமிழ்நாடு முழுக்க, சினிமா தொலைக்காட்சி உட்பட, எல்லார் வாயிலும் இருப்பதால் அவற்றில் வட்டார வாடை கிடையாது. மாறிப்போன சொற்களில் கேலிக்கு ஆளானவை மட்டும் ஒவ்வொன்றாகப் பின்வாங்குகின்றன. ‘உதடு குவியும்’ என்ற விதியை அந்தப் பெண் கைவிட்டாள் என்று சொல்ல முடியாது. அவள் கைவிட்டது சில சொற்களை.

சில சொற்கள் திரும்ப வழியே இல்லாமல் போய்விட்டன. புண்ணாக்கு மூட்டையில் பிண்ணாக்கு என்று எழுதியிருந்தால் இன்றைக்குக் கடைக்காரருக்கே விளங்காது. பிட்டு, தட்டில் புட்டு ஆகிவிட்டது, எழுத்திலும் அப்படியே. பிட்டுக்கு மண் சுமந்த சிவபெருமான் கதையில் மட்டும் அது பிட்டாகவே இருக்கிறது. புட்டு அவித்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்ன ஒரு அம்மாவின் பதிவு எங்களிடம் உண்டு. இரண்டு வடிவமும் அதனதன் இடத்தில் பிசகாமல் வருகின்றன.

இப்போது எங்கள் படிவத்தில் ‘இதழ்குவிப்பு: உண்டு / இல்லை’ என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டோம். சொல்லுக்கு ஒரு கட்டம், அதற்குள் பேசியது யாரிடம் என்பதற்கு ஒரு குறி. எழுத்து வேலை கூடிவிட்டது என்று எல்லோருக்கும் புகார். மூத்தவர் மட்டும் கையெழுத்துப் போடும்போது, மெட்டிக்கு இன்னும் ஒரு காரணம் கிடைக்கும், பொறுங்கள் என்கிறார். மேட்டுக்கும் சேர்த்துக் கிடைத்தால் ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.