ஓட்டோவின் முதுகில் ஒன்பது உருக்கள்

யாழ்ப்பாணத்தில் பதாகைகளும் விளம்பரத் தட்டிகளும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். கடந்த தீபாவளிக்கு ஆறு கிழமைகள் இருக்கையில், கஸ்தூரியார் வீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒருவர் பன்னிரண்டு ஓட்டோக்களின் பின்புறத்தில் கட்டுவதற்கு விளம்பரம் கேட்டு வந்தார். அவர் கையோடு கொண்டுவந்த வாசகம் இது: "இனிய தீபாவளி நல்வாழ்த்துக்கள்! பண்டிகையை முன்னிட்டு எமது நிறுவனத்தில் அனைத்துவிதமான சாறிகளுக்கும் 20% விசேட விலைக்கழிவு வழங்கப்படுகின்றது." இதற்குக் கீழே கடையின் பெயர், முகவரி, மூன்று தொலைபேசி இலக்கங்கள், ஒரு குத்துவிளக்குப் படம் ஆகியவையும் வரவேண்டும் என்றார். நான் மறுப்பேதும் சொல்லாமல் அப்படியே ஒன்றை அச்சிட்டு, எனக்குத் தெரிந்த ஓட்டோக்கார அண்ணை ஒருவரின் வண்டியில் கட்டினேன்.

மறுநாள் காலை காங்கேசன்துறை வீதியில் கொக்குவில் பக்கமாக அவர் முன்னே போக, நான் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். பதாகையை அச்சிட்டவனே நான் என்றாலும், நாலு மீற்றருக்குள் நெருங்கும்வரை ஒரு சொல்லையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. அவ்வளவு நெருக்கத்தில் ஓடுவது ஆபத்தானது என்பதால் உடனே விலகிக்கொண்டேன். அந்தப் பதாகை ஏன் தோற்றது என்பதை வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

ஓட்டோவின் பின்புறம் வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும், எழுதுவதற்குக் கிடைக்கும் இடம் சிறியது. கூடாரத்தில் உள்ள பிளாஸ்ரிக் சாளரத்தை மறைத்தால் சாரதிக்குப் பின்னால் வருபவை தெரியாது. பின்விளக்குகளையும் எண்தகட்டையும் மறைக்கவே கூடாது. இயந்திரம் பின்னால் இருப்பதால் அதன் கதவு திறபடவும் காற்றுப் போகவும் வழி விடவேண்டும். இவற்றையெல்லாம் தவிர்த்து அளந்தபோது அந்த வண்டியில் எனக்கு எஞ்சியது 44 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும்தான். பதின்மூன்று சொற்களையும் இலக்கங்களையும் அதற்குள் அடைத்தபோது எழுத்தின் உடல் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சுருங்கிவிட்டது. விளம்பரத் தட்டித் தொழிலில் வழக்கமாகக் கொள்ளும் அளவு, பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பதாகும். உன்னிப்பாகப் பார்ப்பவர் அதைவிடத் தூரத்திலும் வாசிப்பார். ஆனால் வாகனம் ஓட்டுபவரிடம் அந்த உன்னிப்பை நாம் கேட்கக்கூடாது. ஒன்றேகால் அங்குலம் என்றால் பன்னிரண்டரை அடி, அதாவது ஏறக்குறைய நாலு மீற்றர். வீதியில் நான் கண்டதும் அதே அளவுதான்.

அடுத்ததாக நேரத்தைக் கணக்கிட்டேன். ஓட்டோ மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் போக, பின்னால் ஒருவர் 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், இருவருக்கும் இடையிலான வேக வித்தியாசம் 15 கிலோமீற்றர். அது செக்கனுக்குச் சற்றேறக்குறைய நாலு மீற்றர். பதினைந்து மீற்றர் தூரத்தில் எழுத்து தெரியத் தொடங்கி, ஐந்து மீற்றரில் அவர் முந்துவதற்காக வலப்பக்கம் விலகிவிடுவார் என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைப்பது இரண்டரைச் செக்கனுக்கும் குறைவான நேரம். அந்த நேரத்திலும் அவரது கண் எதிரே வரும் பேருந்தையும் குறுக்கே வரும் சைக்கிளையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே அவர் நமக்குத் தருவது ஓரிரு பார்வை மட்டுமே. புகையிரதக் கடவை மூடியிருக்கும்போது பின்னால் நிற்பவர் முகவரியையும் வாசிப்பார் என்பது உண்மை. ஆனால் அவருக்காக எழுத்தைச் சிறிதாக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் மற்றவர்கள் எல்லோரையும் இழக்கவேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கை முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். "தம்பி, இவ்வளவு காசு குடுத்து அடிக்கிறம், சனத்துக்கு ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லக் கூடாதோ?" என்று அவர் கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. வாழ்த்தைக் கடை வாசலில் பெரிய பதாகையாக வைப்போம், அங்கே நின்று வாசிக்க ஆட்களுக்கு நேரம் இருக்கும் என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். தொலைபேசி இலக்கங்களையும் முகவரியையும் எடுத்துவிட்டோம். ஓடும் வண்டியிலிருந்து இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்பவர் யாருமில்லை. எஞ்சியவை சாறி, தீபாவளி, 20%, கழிவு, கடையின் பெயர் ஆகியன மட்டுமே.

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பதாகையில் இடத்தைப் பிடிப்பவை எழுத்துகள் அல்ல, உருக்கள். "சேலை" என்பது இரண்டு எழுத்துதான், ஆனால் இரட்டைக்கொம்பும் ஐகாரக் கொம்பும் சேர்ந்து நாலு உருக்களின் அகலத்தை எடுத்துக்கொள்ளும். "சாறி" என்பதும் இரண்டு எழுத்துதான். அதற்கு மூன்று உருக்கள் போதும், நம் ஊர்ப் பேச்சுக்கும் அதுவே இயல்பு. "பட்டு" என்பதில் மூன்று எழுத்துகள் இருந்தும் அது மூன்று உருக்களோடு அடங்கிவிடுகிறது. அகலம் இப்படியிருக்க, உயரம் வேறு விதமாக இடத்தைக் கேட்கிறது. "ளி", "ழி" போன்றவற்றின் விசிறி உடலுக்கு மேலே எழும்பும். "வு", "றி" போன்றவை உடலுக்குக் கீழே இறங்கும். மூன்று அங்குல உடல் கொண்ட ஒரு வரிக்கு உண்மையில் ஐந்து அங்குலம் விடவேண்டும். இதைக் கவனியாமல் வரிகளை நெருக்கினால் மேல்வரியின் கால் கீழ்வரியின் விசிறியில் முட்டி, இரண்டு சொற்களும் தூரத்தில் ஒரே கறையாகத் தெரியும்.

வாசகத்துக்கு நான் முதலில் யோசித்தது "5 சாறி 4 விலை" என்பது. இருபது வீதக் கழிவில் ஐந்து சாறிகள் நாலு சாறிகளின் விலைக்கு வரும் என்பதால் கணக்குச் சரியாகவே இருந்தது, முதலாளிக்கும் அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதைக் கேட்ட மூன்று பேரில் இருவர், "அஞ்சும் சேத்து எடுத்தாத்தானோ?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஒரு சாறி வாங்குபவருக்கும் கிடைக்கும் சலுகையை ஐந்து வாங்குபவருக்கே உரியதாகக் காட்டும் வாசகத்தை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்து "சாறி 20% கழிவு" என்று மேல்வரியும் "தீபாவளி மட்டும்" என்று கீழ்வரியும் எழுதினேன். நம் பேச்சில் "மட்டும்" என்றால் "அதுவரை" என்ற பொருள் உண்டு. ஆனால் வாசிக்கும்போது தீபாவளியன்று மாத்திரம் என்றும் அது பொருள் தந்தது. "தீபாவளி வரை" என்று மாற்றியபோது அதைவிடப் பெரிய தவறு வந்து சேர்ந்தது. "20%" என்பதற்கு நேர்கீழே "வரை" விழுந்துவிட்டதால், ஒரு கணம் பார்த்தவர்கள் அதை "20% வரை கழிவு" என்று படித்தார்கள். எல்லாச் சாறிக்கும் முழு இருபது வீதம் கொடுக்கும் கடைக்கு அது வீண் நட்டம். வரியாக வாசிக்க நேரமில்லாத கண் மேலும் கீழுமாகச் சொற்களைச் சேர்த்துக்கொள்ளும் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

இறுதியில் நிலைத்தது இது: மேல்வரியில் "தீபாவளிச் சாறி", கீழ்வரியில் "20% கழிவு". முடியும் நாளைத் தனியாகச் சொல்லத் தேவையில்லாதபடி பண்டிகையின் பெயரே சாறிக்கு அடைமொழியாகிவிட்டது. மேல்வரியில் ஒன்பது உருக்கள். மூன்று அங்குல உடலில் அவை 35 அங்குலத்துக்குள் அடங்கின. கீழ்வரியில் இலக்கத்தை ஐந்து அங்குலமாகவும் "கழிவு" என்பதை மூன்றரை அங்குல உடலாகவும் வைத்தேன். ஐந்து அங்குலம் ஐம்பது அடிக்கு, அதாவது பதினைந்து மீற்றருக்குப் போதும் என்பதால் இலக்கம் முதலில் கண்ணில் படும். ஒன்பது மீற்றருக்கு வரும்போது எதற்கான கழிவு என்பது தெரியும். கடையின் பெயர் ஒன்றரை அங்குலத்தில் அடியில் நின்றது.

எழுத்துருவிலும் ஒரு தவறு செய்து திருத்தவேண்டியிருந்தது. கணினியில் வழமையாகப் பயன்படுத்தும் மெல்லிய எழுத்துருவை எடுத்து, அதைச் சுற்றி வெளிக்கோடு போட்டுத் தடிப்பாக்கினேன். தடிப்பாக்கியதும் "ளி", "ழி" ஆகியவற்றின் உட்சுழிகள் அடைபட்டன. "ச்" மேலிருந்த புள்ளியும் உடலோடு ஒட்டிவிட்டது. பிறகு இயல்பாகவே தடித்த எழுத்துரு ஒன்றை எடுத்து, புள்ளியை மட்டும் கையால் பெரிதாக்கிச் சற்று மேலே உயர்த்தினேன்.

அச்சிடுமுன் செய்த பரிசோதனையை இந்த வேலையில் இறங்கும் எவருக்கும் சொல்வேன். பதாகையின் காற்பங்கு அளவு 11 அங்குலத்துக்கு 4.5 அங்குலம், அது ஒரு ஏ4 தாளில் அடங்கும். தூரத்தையும் காற்பங்காக்கினால் பதினைந்து மீற்றர் மூன்றே முக்கால் மீற்றர் ஆகும். அந்தத் தூரத்தில் ஒருவரை நிறுத்தி, தாளை ஒரு செக்கன் திருப்பிக் காட்டி மறைத்துவிட்டு, "என்ன கண்டீங்கள்?" என்று கேட்கவேண்டும். "வாசிக்க முடிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றே சொல்வார்கள். "20% வரை" என்ற பிழை வெளிப்பட்டதும் இந்தச் சோதனையில்தான். கடைசி வடிவத்தைப் பார்த்த ஆறு பேரும் இருபது வீதத்தைச் சொன்னார்கள், ஐந்து பேர் சாறியையும் சொன்னார்கள். கடைப் பெயரை ஒருவர்தான் சொன்னார். அது முதலாளிக்கு வருத்தமாக இருந்தது. பெயரைப் பெரிதாக்க இடமில்லாததால், அவருடைய கடைப் பைகளில் இருக்கும் அதே எழுத்து வடிவத்திலேயே பெயரை வைத்தேன். தெரிந்தவர்கள் எழுத்துக்கூட்டாமலே வடிவத்தைக் கொண்டு அடையாளம் காண்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

நிறத்தைப் பொறுத்தவரை, மஞ்சள் நிலத்தில் கறுப்பு எழுத்து என்று முடிவெடுக்க அதிக நேரம் எடுக்கவில்லை. முதற் பதாகையில் பச்சை நிலத்தில் சிவப்பு இலக்கம் இருந்தது. பொழுது படும் நேரத்தில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு மற்ற நிறங்களுக்கு முன்பே இருண்டுவிடும் என்பதால், கடைக்கு ஆட்கள் அதிகம் வரும் மாலைவேளையில் இலக்கமே காணாமற் போனது. அதே பதாகை பளபளப்பான துணியில் அச்சிடப்பட்டிருந்ததால், மாலையில் ஆஸ்பத்திரி வீதியில் கிழக்கு நோக்கிப் போனபோது பின்னாலிருந்து வந்த வெயில் அதில் பட்டு வெள்ளையாக மின்னியது. இம்முறை மினுக்கமில்லாத துணியில் அடித்தோம். கூடாரம் மென்மையானது என்பதால் நாலு மூலையில் மட்டும் கட்டினால் ஓட்டத்தில் நடு வயிறு உப்பி எழுத்து வளையும். ஆகையால் ஓரம் முழுவதும் ஆறு அங்குலத்துக்கொரு வளையம் அடித்து இறப்பர் நாடாவால் இழுத்துக் கட்டினோம்.

மழை தொடங்கியபின் அடிவரியில் சேறு படிந்து கடைப் பெயர் மங்கியது. இரண்டு நாளுக்கொருமுறை ஈரத்துணியால் துடைக்கும்படி ஓட்டோக்காரர்களிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு சிலர் துடைத்தார்கள்.

இப்போது அதே முதலாளி தைப்பொங்கலுக்கும் கேட்டிருக்கிறார். "பொங்கல் சாறி" என்று எழுதி எண்ணிப் பார்த்தேன். ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து அதற்கும் ஒன்பது உருக்கள்தான் வருகின்றன. கடைப் பெயரை இம்முறை மேலே கொண்டுபோய் ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை அதைக் கடைப் பிள்ளைகளுக்கு ஒரு செக்கன் காட்டிப் பார்க்கவேண்டும்.