வீட்டு வாடகையைச் சிங்கப்பூர்க் கணக்குக்கு அனுப்பிய அனுபவம்

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் அண்ணாச்சி சிங்கப்பூரில் குடியுரிமை பெற்றவர். உள்ளூரிலிருந்த அவருடைய சித்தப்பாதான் மாதாமாதம் வாடகையைக் கையில் வாங்கிக்கொண்டு சிட்டையில் குறித்துத் தருவார். 2024இல் அவர் காலமானபின், வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.ஓ. கணக்கு எதுவும் அண்ணாச்சிக்கு இங்கே இல்லாததால், "சிங்கப்பூர்க் கணக்குக்கே போட்டு விடுங்க தம்பி" என்றார்.

வங்கிக்குப் போவதற்கு முன் ஆடிட்டரிடம் போனது நல்லதாயிற்று. மாதம் 50,000 ரூபாய்க்கு உட்பட்ட வாடகைக்கு வரி பிடிக்க வேண்டியதில்லை என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் அது இந்தியாவில் வசிக்கும் வீட்டுக்காரருக்கான விதி. வெளிநாட்டில் வசிப்பவருக்குத் தரும் வாடகைக்குக் கீழ்வரம்பு கிடையாது. அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவின்படி 30 சதவீதமும் அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ்ஸுமாக 31.2 சதவீதம் பிடித்தாக வேண்டியிருந்தது. அதற்கு, வரி பிடிப்பவருக்கான டான் எண்ணை நான் வாங்க வேண்டியிருந்தது. முந்தைய மாதங்களுக்குரிய வரியை வட்டியோடு கட்டித் தீர்த்தது தனிக்கதை. அண்ணாச்சிக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால், ஆண்டு வாடகை 1,80,000 ரூபாய் வரிவிலக்கு வரம்புக்குள் வருவதால், கணக்குத் தாக்கல் செய்து அந்த வரியைத் திரும்பப் பெறலாம் என்று விளக்கிய பிறகே அவர் மனம் சமாதானமானது.

அதன்பின் இருவரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதிக்கொண்டோம். மாதாமாதம் அனுப்பினால் வங்கிக் கட்டணமே பெருந்தொகையாகிவிடும் என்பதால், மூன்று மாத வாடகையை ஒரே தவணையாக, காலாண்டின் நடு மாதம் 10ஆம் தேதிக்குள் அனுப்புவதென்று வைத்தோம். வாடகை ரூபாயில்தான் கணக்கு. வெள்ளி எனப்படும் சிங்கப்பூர் டாலரின் ஏற்ற இறக்கம் என்னைச் சேராது. என் கணக்கிலிருந்து பணம் கழியும் நாளே வாடகை செலுத்திய நாள். இந்த வாசகத்தை எழுதும்போது அண்ணாச்சி சற்றுத் தயங்கினார். ஆனால் பணம் அங்கே போய்ச் சேரும் நாள் என் கையில் இல்லாதபோது, அந்த நாளை வைத்து நான் தவணை தவறியவன் ஆகக் கூடாது என்பதில் நான் உறுதியாக நின்றேன். ஒவ்வொரு தவணைக்கும், வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் விவரம் போகும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலும் வரிச் சலானும் நான் அனுப்ப வேண்டும். எந்த மாதங்களுக்கான வாடகை என்பதைக் குறித்து, பெற்றுக்கொண்டதாக மூன்று நாளுக்குள் அவர் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். சித்தப்பாவின் சிட்டைக்குப் பதில் இனி இவைதான்.

முதல் தவணை ஜூலை முதல் செப்டம்பர் வரைக்குமானது. 45,000 ரூபாயில் வரி 14,040 போக, அனுப்ப வேண்டியது 30,960. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதைத் தெரிவிக்கும் 15CA படிவத்தை வருமான வரித் தளத்தில் போட்டேன். ஆண்டுத் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டாததால் அதன் முதல் பகுதியே போதுமானதாக இருந்தது. ஆனாலும் என்.ஆர்.ஓ. கணக்கு இல்லாதவரின் வாடகை என்பதால், வரி கழிக்கப்பட்டதற்கான ஆடிட்டர் சான்றிதழை வங்கி கேட்டது. அதை வாங்கிக் கொடுத்து, ஆகஸ்ட் 8ஆம் தேதி பணம் கழிந்தது. வங்கி தந்த விலை வெள்ளிக்கு 64.50 ரூபாய், ஆக 480 வெள்ளி.

நான்கு நாள் கழித்து அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, 455தானே வந்திருக்கு?" என்றார். குரலில் கோபமில்லை, சந்தேகம் இருந்தது. அதுவே எனக்கு வருத்தமாயிற்று. ஸ்விஃப்ட் நகலை எடுத்துப் பார்த்தேன். 32A என்ற கட்டத்தில் 480 வெள்ளி சரியாகவே இருந்தது. 71A என்ற கட்டத்தில் SHA என்றிருந்தது. அதாவது என் வங்கியின் கட்டணத்தை மட்டும் நான் கொடுப்பது. வழியிலுள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைத் தொகையிலேயே எடுத்துக்கொள்ளும். குறைந்த 25 வெள்ளி அப்படிப் போனதுதான். நகலை அனுப்பி விளக்கியதும் அவர் ஒப்புக்கொண்டார். எனினும் கடிதத்தில் கட்டணம் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் விட்டிருந்தோம்.

ஆகவே இணைப்புக் கடிதம் ஒன்று எழுதினோம். இனி OUR என்ற முறையில், வழிக் கட்டணத்தையும் சேர்த்து நானே வங்கியில் செலுத்துவேன்; வெளிநாட்டுக்கு அனுப்புவது அண்ணாச்சியின் தேவைக்காக என்பதால், ரசீதில் உள்ள அந்தக் கட்டணத்தை அடுத்த தவணையில் கழித்துக்கொள்வேன். ஆனால் வரி மட்டும் எப்போதும் முழு 45,000 ரூபாய்க்கே கணக்கிடப்படும்.

ஆகஸ்டில் பிடித்த வரியைச் செப்டம்பர் 7க்குள் கட்டினேன். காலாண்டு அறிக்கையான 27Q படிவத்தை அக்டோபர் இறுதிக்குள் ஆடிட்டர் தாக்கல் செய்தார். நவம்பரில், வரி பிடித்ததற்கான 16A சான்றிதழ் அண்ணாச்சிக்குப் போனது. அந்த மாதம் 7ஆம் தேதி அனுப்பிய இரண்டாம் தவணை ஒரு வெள்ளிகூடக் குறையாமல் சேர்ந்தது. மறுநாளே, "அக்டோபர், நவம்பர், டிசம்பர் வாடகை பெற்றுக்கொண்டேன்" என்று அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.