கரண்ட் வந்த பிறகும் ஆஃப்லைன்: ரெக்கார்டரின் முகவரியை எடுத்துக்கொண்டது யார்?

முதல் நாள், இரவு

மதியம் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் எல்லாம் தானாக எழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மாலையில் வெளியில் இருந்தபடி கேமரா ஆப்பைத் திறந்தால், ரெக்கார்டரின் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஆஃப்லைன். வீட்டுக்கு வந்து ரெக்கார்டரோடு இணைந்த மானிட்டரைப் போட்டேன். நான்கு கேமராவும் ஓடுகின்றன, பதிவும் நடக்கிறது. வன்தட்டும் கேமராக்களும் நலம் என்றால் கோளாறு வலையமைப்பில்தான்.

ஆப்பில் கையை வைக்குமுன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஆப் நம் வீட்டு ரெக்கார்டரை நேரடியாகத் தேடிப் போவதில்லை. ரெக்கார்டர்தான் இணையத்தில் இருக்கும் கிளவுட் சர்வரைத் தானாக அழைத்து, ‘நான் இருக்கிறேன்’ என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆப் அந்தச் சர்வரிடம் கேட்கிறது. ஆகவே ஆஃப்லைன் என்றால் சர்வரின் காதில் ரெக்கார்டரின் குரல் விழவில்லை என்றுதான் பொருள். பெட்டி செத்துவிட்டது என்று பொருளில்லை.

இங்கேதான் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். ஆப்பிலிருந்து ரெக்கார்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கலாம் என்று விரல் போய்விட்டது. நல்ல வேளை, அழுத்தவில்லை. எந்தக் கணக்கோடு எந்த ரெக்கார்டர் இணைந்திருக்கிறது என்ற பதிவு சர்வரில் இருக்கிறது. கரண்ட் போனதால் அது அழியாது. நீக்கிவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்த அனுமதியும் சேர்ந்து போகும். பெட்டி ஆஃப்லைனில் இருக்கும்போது திரும்பச் சேர்ப்பதும் சிக்கல்.

ரெக்கார்டரின் மெனுவில் கிளவுட் பக்கத்தைப் பார்த்தேன். வசதி இயக்கத்தில் இருக்கிறது, சரிபார்ப்புக் குறியீடும் அப்படியே இருக்கிறது, நிலை மட்டும் ஆஃப்லைன். கடிகாரமும் சரியாக இருக்கிறது. இதைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் கரண்ட் போனதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறென்றால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரிந்து, இணைப்பே அமையாமல் போகலாம். என் பெட்டியில் அந்தப் பிரச்சினை இல்லை.

ரெக்கார்டரை ஒரு முறை, ரௌட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டேன். பலனில்லை. தூங்கப் போனேன்.

இரண்டாம் நாள்

காலை 9:20க்கு ஆப்பைத் திறந்தால் பச்சை! நான் எதையும் தொடவில்லை. சர்வர் பக்கம்தான் ஏதோ கோளாறு, அவர்களே சரி செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். நாள் முழுக்க ஆன்லைன். மாலை ஆறரைக்குத் திரும்ப ஆஃப்லைன்.

தானாகச் சரியாகித் தானாகக் கெடும் கோளாறுதான் எனக்குப் பிடிக்காதது. ஆனால் அதில் ஒரு தடயமும் இருக்கிறது. கேபிள் அறுந்திருந்தாலோ கேட்வே முகவரி தவறாக இருந்தாலோ எப்போதுமே ஆஃப்லைன்தான். நேரம் பார்த்து வந்து போகிறது என்றால் வேறு ஏதோ ஒன்றும் நேரம் பார்த்து வந்து போகிறது.

நண்பர் ஒருவரிடம் போனில் சொன்னபோது, “ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போய்விட்டிருக்கும், போடு” என்றார். கிளவுட் வழியாகப் பார்ப்பவருக்கு அது தேவையே இல்லை. ரெக்கார்டர்தான் உள்ளிருந்து வெளியே அழைக்கிறது, வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. அதை ஒதுக்கி வைத்தேன்.

ரெக்கார்டரிலேயே இருக்கும் வலையமைப்புச் சோதனையில் ரௌட்டரின் முகவரிக்குப் பிங் அனுப்பினேன். பத்தில் நாலு பதில்தான் வந்தது. அடுத்த அறையில் இருக்கும் ரௌட்டர், கேபிள் வழி இணைப்பு, பாதிக்கு மேல் வழியில் தொலைகிறது! கேபிளையும் ரௌட்டரின் துளையையும் மாற்றிப் பார்த்தேன். அதே கதை. சரி, இனி மடிக்கணினிதான்.

என் ரெக்கார்டரின் முகவரி 192.168.1.110. பொருத்தியவர் கையால் எழுதி வைத்துப் போனது. மடிக்கணினியையும் கேபிளில் ரௌட்டரோடு இணைத்துவிட்டு இதை அடித்தேன்:

```
ping 192.168.1.110
```

பதில் வந்தது. ஆனால் 12, 95, 210 மில்லி விநாடி என்று தாறுமாறாக. இரண்டு முனையும் கேபிளில் இருந்தால் ஒரு மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும். இப்படி ஆடி ஆடி வருவது வைஃபையில் இருக்கும், இடையிடையே தூங்கும் கருவியின் நடை. சந்தேகத்தோடு எழுந்து போய் ரெக்கார்டரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றினேன். திரும்பி வந்து பார்த்தால் பிங்குக்குப் பதில் இன்னும் வந்துகொண்டிருந்தது!

கேபிளே இல்லாத பெட்டி பதில் சொல்லாது. ஆக, அந்த முகவரியில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

```
arp -a
```

இந்தக் கட்டளை எந்த ஐபி முகவரிக்குப் பின்னால் எந்த வன்பொருள் முகவரி இருக்கிறது என்று காட்டும். அந்த வன்பொருள் முகவரியைத்தான் மேக் முகவரி என்கிறோம். எனக்கு வந்த வரி:

```
192.168.1.110    da-3f-61-0c-92-5e    dynamic
```

ரெக்கார்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது வேறு எண். அதைவிட, முதல் ஜோடியின் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் 2, 6, a, e ஆகிய நான்கில் ஒன்று இருந்தால், அது தொழிற்சாலையில் பதித்த எண்ணாக இராது, கருவி தானே உருவாக்கிக்கொண்ட எண். இக்காலத்துப் போன்கள் வைஃபையில் சேரும்போது இப்படி ஒரு தற்காலிக முகமூடியைப் போட்டுக்கொள்கின்றன. தேடுவது ஒரு போனை என்று ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

இன்று காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுப் போய் மாலை ஆறரைக்குத் திரும்பிய போன் எது? தம்பியுடையது. அவன் அறைக்குப் போய் வைஃபையை அணைக்கச் சொன்னேன். “என் போன் உன் கேமராவை என்ன செஞ்சது அண்ணா?” என்றான். அணைத்ததும் பிங் நின்றது. ரெக்கார்டரின் கேபிளைத் திரும்பச் செருகி, அது வலையமைப்பில் சேரும்வரை காத்திருந்தேன். பதில் வந்தது, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாக. சற்று நேரத்தில் ஆப்பில் பச்சை.

மூன்றாம் நாள்: எப்படி நடந்தது

ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில், கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி பகுதியைத் திறந்ததும் மீதிக் கதை தெரிந்துவிட்டது. வலையமைப்பில் சேருகிறவர்களுக்கு 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை முகவரி கொடுக்கும்படி வைத்திருக்கிறது. கொடுத்த முகவரி செல்லுபடியாகும் குத்தகைக் காலம் 24 மணி நேரம். ரெக்கார்டருக்குக் கையால் எழுதிய 110, இந்த வரம்புக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அது கையால் எழுதியது என்பதால் ரௌட்டரின் குத்தகைப் பட்டியலில் அதன் பெயரே கிடையாது.

இத்தனை நாள் மோதல் வராததற்கும் விளக்கம் இருக்கிறது. ஒரு முகவரியைப் புதிதாக ஒருவருக்குக் கொடுக்குமுன் அதில் யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்க வேண்டும் என 1997இல் வந்த டிஹெச்சிபி விதிமுறையே சொல்கிறது. பல ரௌட்டர்கள் அப்படியே செய்கின்றன. ரெக்கார்டர் எப்போதும் விழித்திருந்ததால் கதவைத் தட்டியதும் பதில் சொல்லி, தன் இடத்தைக் காத்துக்கொண்டிருந்திருக்கும்.

கரண்ட் போனபோது இந்த ஏற்பாடு குலைந்தது. என் ரௌட்டர் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கிறது, அணைந்ததும் எல்லாம் காலி. கரண்ட் வந்ததும் ரௌட்டர் ஒரு நிமிடத்தில் எழுந்தது. ரெக்கார்டருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பேட்டரியில் ஓடும் போன்களோ வைஃபை வருமா என்று காத்துக்கொண்டிருந்தன. ரௌட்டர் 110இன் கதவைத் தட்டியபோது ரெக்கார்டர் இன்னும் எழவில்லை. காலி வீடு என்று தம்பியின் போனுக்குக் கொடுத்துவிட்டது.

முதல் நாள் அணைத்துப் போட்டது ஏன் உதவவில்லை என்பதும் இப்போது புரிகிறது. ஒரு முறை முகவரி வாங்கிய போன், திரும்பச் சேரும்போது ‘பழைய முகவரியையே கொடு’ என்றுதான் கேட்கும். ரௌட்டரும் தலையாட்டிவிடுகிறது.

கடைசியில் ரெக்கார்டரின் நிகழ்வுப் பதிவைத் திறந்து பார்த்தேன். ஐபி மோதல் என்று நேரத்தோடு வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. மோதல் வந்தால் ஒலி எழுப்பும் வசதியும் இருக்கிறது. போன வருடம் ஏதோ ஒரு பீப் தொல்லைக்காக எல்லா எச்சரிக்கையையும் மொத்தமாக அணைத்தவன் நான்தான். இதை முதல் நாளே பார்த்திருந்தால் இந்தக் குறிப்பு ஒரு பத்தியில் முடிந்திருக்கும்.

சரி செய்தது

இரண்டு வழி இருந்தது. ஒன்று, ரெக்கார்டருக்கு வரம்புக்கு வெளியே 192.168.1.50 என்று எழுதிவிடுவது. இது நல்ல வழிதான். ஆனால் நாளைக்கு ரௌட்டரை மாற்றி, புதியது 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தால், கையால் எழுதியது மொத்தமும் பாழ். டிஎன்எஸ் முகவரியையும் நாமே நிரப்ப வேண்டும். அது காலியாக இருந்தால் ரௌட்டருக்குப் பிங் போகும், கிளவுட் சர்வரின் பெயருக்கு மட்டும் முகவரி கிடைக்காது.

நான் எடுத்தது இரண்டாம் வழி. ரெக்கார்டரில் டிஹெச்சிபியை இயக்கிவிட்டு, ரௌட்டரில் ‘இந்த மேக் முகவரிக்கு எப்போதும் 192.168.1.110’ என்று முன்பதிவு செய்தேன். இப்போது ரௌட்டருக்கே தெரியும், பட்டியல் அழிந்தாலும் முன்பதிவு நிரந்தர அமைப்பில் இருக்கும். முதல் முயற்சியில் ரெக்கார்டருக்கு 137 கிடைத்தது. சீட்டில் இருந்த 8ஐ B என்று படித்திருக்கிறேன். ரெக்கார்டரின் திரையிலேயே மேக் முகவரியைப் பார்த்து எழுதியதும் சரியானது. தம்பியின் போனில் அந்த வைஃபையை மறக்கச் சொல்லி, மறுபடி சேர்த்தேன். வேறு முகவரி வாங்கிக்கொண்டது.

அதே பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 80, 554 ஆகிய இரண்டு போர்ட்டுகளும் 110க்கு ஃபார்வர்ட் ஆகியிருந்தன, பொருத்தியவர் விட்டுப்போனவை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய கதவு. இரண்டு நாளாக அது தம்பியின் போனுக்குத் திறந்திருந்தது! இரண்டையும் அழித்தேன்.

சோதனை: ரௌட்டர், ரெக்கார்டர் இரண்டையும் ஒரே சுவிட்சில் அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டேன், தம்பியின் போன் பக்கத்திலேயே இருக்க. ரெக்கார்டருக்கு மூன்றாம் நிமிடத்தில் 110 கிடைத்தது. ஃபைபர் பெட்டிக்கு இணையம் வர இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்ததால் ஆப்பில் பச்சை வந்தது ஆறாம் நிமிடத்தில். முகவரி கிடைக்காவிட்டால் தன் ஆரம்ப முகவரிக்கே திரும்பி உட்கார்ந்துவிடும் ரெக்கார்டர்களும் உண்டு. அதனால் இந்தச் சோதனையைச் செய்யாமல் முன்பதிவை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை.

எட்டாம் நாள்

விடியற்காலை கரண்ட் போய் வந்தது. காலையில் ஆப் பச்சை, நிகழ்வுப் பதிவில் மோதல் வரி எதுவும் இல்லை. மோதல் எச்சரிக்கைக்கு மட்டும் பீப் ஒலியை மறுபடி போட்டு வைத்திருக்கிறேன்.