அப்பத்தா பிடித்த விகுதி

"அப்ப நீ திருநங்கையா?" என்றார் அப்பத்தா. இல்லை, திருநங்கை தன்னைப் பெண்ணாக உணர்கிறவர். நான் ஆண், பெண் இரண்டிலும் அடங்காத ஆள், நான்-பைனரி என்றேன். "அர்த்தநாரியா?" அது பாதிப் பாதி, நான் அதுவும் இல்லை.

சரி, சொல்லிலிருந்து தொடங்கினேன். தமிழில் 'நான் வந்தேன்' என்றால் ஆணா பெண்ணா தெரியாது. பிறர் பேசும்போதுதான் 'வந்தான்', 'வந்தாள்' ஒட்டிக்கொள்கிறது. 'வந்தாங்க' என்று சொல்லுங்களேன்.

"பேரப்பிள்ளைக்கு என்னடா மரியாதை?" அந்த 'டா' வேறு!

மறுநாள் காலை அடுக்களையிலிருந்து குரல்: "பிள்ளை எந்திரிச்சிருச்சு, காபி போடு." எனக்குத் தோன்றாத விகுதி.

அண்ணன் மகளுக்கு நான் அத்தையா சித்தப்பாவா என்பதில்தான் இன்னும் சிக்கல். இப்போதைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அண்ணி முறைக்கிறார்.