பலகார அக்கா கொண்டுவந்த கடிதம்

தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. காரைக்குடியில் பலகாரம் போடும் வீடுகளில் அடுப்பு அணையாத காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில், பகல் பதினொரு மணிக்கு, அந்த அக்கா எங்கள் வங்கிக் கிளைக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தபோதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. சுடும் எண்ணெயை விட்டுவிட்டு வருகிறவர் இல்லை அவர்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். கலர் பிரிண்ட். மேலே அசோகச் சின்னம், அதன் பக்கத்தில் சிறுதொழில் கடனுக்கான முத்ரா திட்டத்தின் பெயர், வலது மூலையில் ஒரு பெரிய வங்கியின் முத்திரை. கீழே ரிசர்வ் வங்கியின் வட்ட முத்திரை, யாருடையதென்று தெரியாத கையெழுத்து. மூன்று லட்சம் ரூபாய் கடன், வட்டி 2 சதவீதம், ஐந்து வருஷம், மாதத் தவணை 5,500 ரூபாய். “உங்கள் கடன் அனுமதிக்கப்பட்டது” என்று தடித்த எழுத்தில் இருந்தது.

“சார், பணம் வந்துருச்சாம். இன்சூரன்ஸ் மட்டும் கட்டணுமாம், 8,999 ரூபா. உங்க பாங்க்ல இருந்தே அனுப்பிவிடுங்க. என் பையன் போன்ல போகமாட்டேங்குது.”

நான் உடனே இல்லை என்று சொல்லவில்லை. ஏற்கெனவே எவ்வளவு அனுப்பியிருக்கிறார் என்று கேட்டேன். பிராசஸிங் கட்டணம் என்று 2,750 ரூபாய், மூன்று நாளைக்கு முன்னால், மகனின் ஜிபே மூலம் போயிருக்கிறது. யாருக்கு என்று கேட்டதும் அலைபேசியை எடுத்துக் காட்டினார். பணம் பெற்றவர் பெயராக ஒரு தனி ஆளின் பெயர் இருந்தது.

கடன் பிரிவில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். இந்த மாதிரி கடிதத்தில் நான் முதலில் பார்ப்பது முத்திரையையோ எழுத்துப் பிழையையோ அல்ல. இப்போது முத்திரைகளை எல்லோரும் நன்றாகவே அச்சடிக்கிறார்கள், பிழையில்லாமல் எழுதவும் செய்கிறார்கள். நான் பார்ப்பது, பணம் எந்தத் திசையில் போகச் சொல்கிறது என்பதை. அந்தத் தாளின் அடியில் இன்சூரன்ஸ் தொகையைக் கட்டுவதற்கான கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் இருந்தன. அந்தக் குறியீட்டில் பதினொரு எழுத்து. முதல் நான்கும் வங்கியைச் சொல்லும், ஐந்தாவது பூஜ்யம், மிச்ச ஆறு கிளையைச் சொல்லும். முதல் நான்கு எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, “இது எந்த பாங்க்னு தெரியுதாக்கா?” என்று கேட்டேன். தலைப்பில் ஒரு வங்கி, கட்டச் சொன்ன கணக்கு வேறொரு வங்கியில். ஒரு வங்கி தன் கட்டணத்தை இன்னொரு வங்கியில் இருக்கும் தனி ஆளின் சேமிப்புக் கணக்கில் வாங்குமா? அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்புறம் தவணைக் கணக்கு. மூன்று லட்சத்துக்கு 2 சதவீதம் வருஷத்துக்கு 6,000, ஐந்து வருஷத்துக்கு 30,000. மொத்தம் மூன்று லட்சத்து முப்பதாயிரம், அதை அறுபதால் வகுத்தால் சரியாக 5,500. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வங்கியில் தவணை கட்டக் கட்ட அசல் குறையும், குறைந்த அசலுக்குத்தான் வட்டி விழும். அப்படிப் போட்டால் அதே தொகைக்கு அதே வட்டிக்குத் தவணை 5,258 ரூபாய்தான். எழுதியவர் கால்குலேட்டரில் பெருக்கி வகுத்திருக்கிறார், வங்கி மென்பொருள் அப்படிக் கணக்குப் போடாது. இந்த 2 சதவீதமே எந்த வங்கியிலும் தொழில் கடனுக்குக் கிடைக்காத வட்டி என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொன்னேன். முத்ரா என்பது 2015 ஏப்ரலில் ஆரம்பித்த திட்டம். அந்தப் பெயரில் இருக்கும் நிறுவனம் தனி ஆளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. வங்கிகளும் சிறுகடன் நிறுவனங்களும் கொடுக்கும், அவர்களுக்குப் பின்னால் இருந்து அது பணம் தரும். முத்ராவே உங்களுக்கு அனுமதிக் கடிதம் அனுப்பியிருக்கிறது என்றால், அங்கேயே கதை உடைந்துவிடுகிறது. ரிசர்வ் வங்கியும் அப்படித்தான், அது யாருடைய கடன் கடிதத்திலும் முத்திரை வைப்பதில்லை.

இவ்வளவு சொல்லியும் அக்காவின் முகத்தில் பாதி நம்பிக்கை மிச்சமிருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 2,750 ஏற்கெனவே போய்விட்டது. இன்னும் 8,999 கட்டினால் மூன்று லட்சமும் வரும், அந்த 2,750-ம் வீணாகாது என்று மனசு சொல்லும். முதலில் சின்னத் தொகை கேட்பது அதற்காகத்தான். இன்சூரன்ஸுக்கு அடுத்து ஜிஎஸ்டி கேட்பார்கள், அதற்கு அடுத்து தடையில்லாச் சான்று என்பார்கள். கையில் இருப்பது தீரும்வரை கட்டணத்துக்குப் புதுப்புதுப் பெயர் வந்துகொண்டே இருக்கும்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அந்த மூணு லட்சத்துல இருந்து 8,999-ஐப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பச் சொல்லுங்க” என்றேன்.

போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நல்ல தமிழில், பொறுமையான குரலில் ஒருவர் பேசினார். அக்கா நான் சொன்னபடியே கேட்டார். “இல்லம்மா, அப்படிப் பிடிக்க சிஸ்டம் ஏத்துக்காது. நீங்க கட்டின அஞ்சு நிமிஷத்துல மூணு லட்சமும் ரிலீஸ் ஆயிரும். இன்னிக்கு நாலு மணிக்குள்ள கட்டலைன்னா ஃபைல் கேன்சல்” என்றார். நான் குறுக்கே புகுந்து, எந்தக் கிளையிலிருந்து பேசுகிறீர்கள், கிளைக் குறியீடு என்ன என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அப்புறம் எத்தனை முறை போட்டும் எடுக்கவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க தெரு வட்டிக்காரர்கூட ஆயிரம் பிடிச்சுக்கிட்டு ஒம்பதாயிரம் கையில குடுப்பாரே சார்” என்றார். இதைவிடத் தெளிவாக என்னால் விளக்கியிருக்க முடியாது. வட்டிக்கு விடுவதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகச் செய்த ஊர்கள் இவை. கொடுக்கிறவன் தனக்கு வரவேண்டியதைக் கொடுக்கும் பணத்தில் கழித்துக்கொள்வான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கடிதத்தில் அசோகச் சின்னத்தைப் பார்த்ததும் அது மறந்துபோகிறது.

இதில் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். பிராசஸிங் கட்டணம் என்று கேட்டாலே மோசடி என்று நான் சொல்லமாட்டேன். வங்கிகள் அந்தக் கட்டணத்தை வாங்குகின்றன, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. சில வீட்டுக்கடன் நிறுவனங்கள் மனுவோடு சேர்த்தே ஒரு தொகை வாங்குகின்றன, கடன் கிடைக்காவிட்டால் அது திரும்பி வராது. ஆனால் அது மனுவைப் பரிசீலிப்பதற்காக, நிறுவனத்தின் பெயருக்கே போகும், ரசீதும் வரும். கடன் அனுமதியாகிவிட்டது, பணம் தயாராக இருக்கிறது, அதை விடுவிக்க முதலில் நீ கட்டு என்று ஒரு தனி ஆளின் கணக்கைக் காட்டுவது மட்டும் எங்கேயும் கிடையாது. போதாததற்கு, 2024 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தரவேண்டும். வட்டி, எல்லாக் கட்டணங்கள், அவற்றையும் சேர்த்த வருடாந்திர விகிதம் எல்லாம் அதில் கடனாளிக்குப் புரிகிற மொழியில் இருக்கவேண்டும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தைப் பின்னால் அவர் ஒப்புக்கொள்ளாமல் வாங்கமுடியாது.

அன்றே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம், cybercrime.gov.in தளத்திலும் பதிந்தோம். பணம் போன ஓரிரு மணி நேரத்துக்குள் சொன்னால் வழியில் எந்தக் கணக்கிலாவது நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மூன்று நாள் ஆகிவிட்டதால் அந்த 2,750 கிடைக்கவில்லை. அதைவிட எனக்குக் கவலை தந்தது, ஆதார், பான் நகல்களையும் ஒரு போட்டோவையும் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது. வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆதாரில் கைரேகையைப் பூட்டினோம். கடன் தகவல் அறிக்கையை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம், அதையும் எடுத்துப் பார்த்தோம். அவர் பெயரில் புதுக்கடன் எதுவும் இல்லை. அந்த அறிக்கையில் வேறொன்றும் தெரிந்தது: யாரும் கடனுக்காக அவர் பெயரை விசாரிக்கவே இல்லை. கடன் கொடுக்கப்போகிற வங்கி முதலில் அதைத்தான் பார்க்கும், பார்த்த தடம் அறிக்கையில் நிற்கும்.

அவர் ஏன் அந்த மோசடிக்காரர்களிடம் போனார் என்பதையும் எழுதவேண்டும். ஆவணியில் அவர் எங்கள் கிளைக்கு வந்திருந்தார். மாவு அரைக்கும் இயந்திரமும் முறுக்கு பிழியும் இயந்திரமும் வாங்கக் கடன் கேட்டார். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டும் என்றோம். கொண்டுவந்தார். உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும் என்றோம். மூன்றாவது முறை வந்தபோது விலைப்பட்டியல் பழையது, அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பியது நான்தான். எல்லாம் கேட்கவேண்டியவைதான், ஆனால் முதல் நாளே ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்த இடைவெளியில்தான் அவர் மகன் முகநூலில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து எண்ணைத் தட்டியிருக்கிறான். அந்தப் பொறுப்பு என்னிடமும் இருக்கிறது. இப்போது என் மேசையில் தேவைப்படும் ஆவணங்களின் பட்டியலைத் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

தீபாவளி முடிந்த பிறகு கடன் அனுமதியானது. இயந்திரங்களின் விலை இரண்டு லட்சம், நாங்கள் கொடுத்தது ஒரு லட்சத்து எழுபதாயிரம், மிச்சம் முப்பதாயிரம் அவர் பங்கு. கையெழுத்துப் போடும் நாளில் பேனாவை எடுக்காமல், “இந்த முப்பதாயிரத்தை யாருக்குக் கட்டணும் சார்?” என்று கேட்டார். அது எங்களுக்குத் தரும் பணம் இல்லை, உங்கள் கணக்கிலேயே போடுங்கள், நம் கடன் தொகையோடு சேர்ந்து இயந்திரக் கடைக்காரர் கணக்குக்குப் போகும் என்றேன். கட்டணங்கள் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, மகனை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவன் படித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.